சி.ஏ.வுக்குப் பதில் சி.எஸ்.ஸா, சி.எம்.ஏ.வா? பதிவு முதல் கையெழுத்து வரை முழுமையான வழிகாட்டி

சி.ஏ. ஃபவுண்டேஷனிலோ இன்டரிலோ இரண்டு மூன்று முறை தட்டிப்போன பிறகுதான் பெரும்பாலானோர் இந்த இரண்டு படிப்புகளைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது கேட்கும் முதல் கேள்வி, "எது ஈஸி?" என்பது. அந்தக் கேள்வியோடு போய்ப் பதிவு செய்பவர்களில் பலர் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். சி.எஸ். என்ற கம்பெனி செக்ரட்டரி படிப்பு பெரும்பாலும் சட்டம். சி.எம்.ஏ. என்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு பெரும்பாலும் கணக்கு. கேள்வியை மாற்றிக்கொண்டு, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் எந்தக் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்

மூன்று படிப்புக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி நிறுவனம்: சி.ஏ.வுக்கு 1949, சி.எம்.ஏ.வுக்கு 1959, சி.எஸ்.ஸுக்கு 1980. ஒவ்வொருவரும் எதில் கையெழுத்துப் போடலாம் என்பதைக் கம்பெனிச் சட்டமும் வருமான வரிச் சட்டமும் பிரித்து வைத்திருக்கின்றன. வேலைவாய்ப்பு உண்டாவதும் பெருமளவு அங்கேதான்.

ஒரு மில்லை வைத்துப் பார்ப்போம். கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலை, பிரைவேட் லிமிடெட். செலுத்தப்பட்ட மூலதனம் 12 கோடி, ஆண்டு விற்றுமுதல் 180 கோடி, அதில் நூல் விற்பனை மட்டும் 150 கோடி. வங்கிக் கடன் 40 கோடி. ஏற்றுமதி சொற்பம்.

கணக்குத் தணிக்கையும் வருமான வரிக்கான டாக்ஸ் ஆடிட்டும் சி.ஏ.வுக்கு மட்டுமே. இதில் மற்ற இருவருக்கும் இடமில்லை. "சி.எம்.ஏ. முடித்துவிட்டு டாக்ஸ் ஆடிட் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூலதனம் 10 கோடியைத் தொட்டுவிட்டதால், பிரைவேட் கம்பெனியாக இருந்தாலும் முழுநேர கம்பெனி செக்ரட்டரி ஒருவரை மில் வேலைக்கு வைத்தே ஆக வேண்டும். 2020 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 5 கோடியாக இருந்தது. இன்றும் சில கையேடுகளில் பழைய எண்ணே இருக்கிறது. அதே 10 கோடி காரணமாக, ஆண்டு ரிட்டர்னோடு MGT-8 சான்றிதழும் போக வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் வெளியே பிராக்டிஸ் செய்யும் சி.எஸ். மில்லில் சம்பளத்துக்கு இருப்பவர் போட முடியாது. ஆக ஒரே கம்பெனியில் இரண்டு சி.எஸ்.களுக்கு வேலை. கம்பெனி சட்ட விதிகளைப் பின்பற்றியதா என்று பார்க்கும் செக்ரட்டேரியல் ஆடிட் மட்டும் இந்த மில்லுக்குத் தேவைப்படாது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத பிரைவேட் கம்பெனிக்கு அது வருவது வங்கிக் கடன் 100 கோடியைத் தொட்டால்தான்.

அடுத்து காஸ்ட் ஆடிட், அதாவது உற்பத்திச் செலவுக் கணக்குகளின் தணிக்கை. இதில் கையெழுத்து பிராக்டிஸ் செய்யும் சி.எம்.ஏ.வுடையது. ஜவுளி, விதிகளின் பி பட்டியலில் இருக்கிறது. மொத்த விற்றுமுதல் 100 கோடியும், அந்தப் பொருளின் விற்றுமுதல் 35 கோடியும் தாண்டினால் காஸ்ட் ஆடிட் கட்டாயம். இந்த மில் இரண்டையும் தாண்டுகிறது. நிதியாண்டு தொடங்கிய 180 நாளுக்குள் காஸ்ட் ஆடிட்டரை நியமிக்க வேண்டும்; அதற்கான படிவம் CRA-2. ஆண்டு முடிந்த 180 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் கம்பெனி அதை CRA-4 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதே மில்லின் வருவாயில் 75 சதவீதத்துக்கு மேல் அந்நியச் செலாவணியில் ஏற்றுமதியாக வந்தால் காஸ்ட் ஆடிட்டே கிடையாது. திருப்பூரை நம்பிப் பிராக்டிஸ் தொடங்க நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்க வேண்டும்.

இந்த வரம்புகளிலிருந்து ஊர்க் கணக்கும் தெரிந்துவிடும். மில், சிமென்ட், சர்க்கரை, மருந்து, மின்சாரம் இருக்கும் ஊரில் சி.எம்.ஏ. பிராக்டிஸுக்கு வேலை உண்டு. மென்பொருள் கம்பெனிகள் மட்டுமே உள்ள இடத்தில் காஸ்ட் ஆடிட் வேலை அநேகமாக இருக்காது. சி.எஸ். வேலை, லிஸ்டட் கம்பெனிகளின் பதிவு அலுவலகம் இருக்கும் நகரங்களில் குவிகிறது. தமிழ்நாட்டில் அது முதலில் சென்னை, பிறகுதான் கோவை. குடும்பக் கம்பெனிகள் பல, பங்கைப் பிரீமியத்தில் கொடுத்து மூலதனத்தை 10 கோடிக்குக் கீழேயே வைத்துக்கொள்ளும். வரம்புக்குக் கணக்கில் வருவது முகமதிப்பு மட்டுமே என்பதால், கம்பெனி பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து சி.எஸ். வேலை இருக்கும் என எண்ணிவிடக் கூடாது.

2. அன்றாட வேலை உங்களுக்கு ஒத்துவருமா?

சி.எஸ்.ஸின் வேலை தேதியோடு கட்டப்பட்டது. போர்டு மீட்டிங்குக்கு 7 நாள் முன்பு நோட்டீஸ், இரண்டு மீட்டிங்குகளுக்கு இடையே 120 நாளுக்கு மிகாத இடைவெளி, மீட்டிங் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் பதிவு, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 21 முழு நாள் நோட்டீஸ். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கைக்கான AOC-4, 60 நாளுக்குள் ஆண்டு ரிட்டர்னுக்கான MGT-7. இந்த இரண்டும் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும், உச்சவரம்பே கிடையாது. டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து காலாவதியானது கடைசி நாள் மாலையில் தெரியவருவது இந்தத் துறையில் வழக்கமான தலைவலி. ஒரு வாக்கியத்தில் "shall" இருக்கிறதா "may" இருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்கும் பொறுமை இருந்தால் இந்த வேலை பிடிக்கும்.

சி.எம்.ஏ.வின் வேலை தொழிற்கூடத்தோடு கட்டப்பட்டது. அதே மில்லில் ஓர் உதாரணக் கணக்கு. கிலோ 160 ரூபாய்க்கு வாங்கிய 100 கிலோ பஞ்சு, 16,000 ரூபாய். அதிலிருந்து 86 கிலோ நூல் வருகிறது. 10 கிலோ கழிவு கிலோ 60 ரூபாய்க்குப் போகிறது, 600 ரூபாய் திரும்பி வருகிறது. மீதி 4 கிலோ கண்ணுக்குத் தெரியாத இழப்பு. 15,400-ஐ 86 ஆல் வகுத்தால் ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சுச் செலவு சுமார் 179.07 ரூபாய்.

இப்போது நூல் 85 கிலோவாகக் குறைந்து, கழிவு 11 கிலோ ஆகிறது என்று வையுங்கள். 16,000-இல் 660 கழித்து 85 ஆல் வகுத்தால் 180.47. கிலோவுக்கு 1 ரூபாய் 40 காசு கூடிவிட்டது. நாளைக்கு 10 டன் ஓட்டும் மில்லுக்கு இது தினம் 14,000 ரூபாய். நிதிநிலை அறிக்கையில் இது தனியாகத் தெரியாது, மூலப்பொருள் செலவுக்குள் கரைந்துவிடும். புளோரூம் பக்கமா, கார்டிங்கா, வாங்கிய பஞ்சே மட்டமா என்று தேடிப் போவதுதான் காஸ்ட் அக்கவுண்டன்ட்டின் வேலை. மேலே உள்ள கணக்கைப் படிக்கும்போது உங்களுக்குக் கொட்டாவி வந்திருந்தால் சி.எம்.ஏ. வேண்டாம். ஒரு பேப்பரை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கத் தோன்றியிருந்தால் தாராளமாக வாருங்கள்.

3. எங்கிருந்து நுழைவது

பிளஸ் டூ முடித்தவர் சி.எஸ்.ஸுக்கு சி.எஸ்.இ.இ.டி. என்ற நுழைவுத் தேர்வும், சி.எம்.ஏ.வுக்கு ஃபவுண்டேஷன் தேர்வும் எழுத வேண்டும். இரண்டும் ஆப்ஜெக்டிவ் வகை. இரண்டிலும் ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும்.

பட்டதாரிகள் இந்த முதல் படியைத் தாண்டிவிடலாம். சி.எம்.ஏ.வின் அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் பட்டதாரிகள் நேரடியாகச் சேரலாம். சி.எஸ்.ஸில் அதே நிலையான எக்ஸிக்யூட்டிவுக்குப் பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் இருந்தால் நுழைவுத் தேர்வு தேவையில்லை. பி.காம். கடைசி ஆண்டில் இருப்பவர்கள், சில மாதங்களில் கிடைக்கவிருக்கும் விலக்கை மறந்து நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டுவது அடிக்கடி நடக்கிறது. முதலாம் ஆண்டில் இருப்பவருக்கோ கணக்கு வேறு: மூன்று ஆண்டு காத்திருப்பதைவிட இப்போதே நுழைவுத் தேர்வை எழுதிவிட்டு, கல்லூரியோடு சேர்த்து அடுத்த நிலையைத் தொடங்குவது நல்லது.

பதிவுக்கு முன் தயாராக இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டச் சான்றிதழ்கள், புகைப்படம், கையெழுத்து ஸ்கேன், அடையாள அட்டை. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறு வேறாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதைப் பதிவுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டு, நீங்கள் திருத்தி அனுப்புவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் முடியாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு சி.எம்.ஏ.வில் பாதிப் பாடம் எண்கள் என்பதால் சமாளித்துவிடலாம். சி.எஸ்.ஸில் பெரும்பாலான பேப்பர்கள் எழுத்து. சட்டப் பிரிவு, அதன் நிபந்தனைகள், கேள்வியில் உள்ள சூழ்நிலைக்கு அது பொருந்தும் விதம், முடிவு என்ற வரிசையில் தினம் ஒரு பதிலையாவது எழுதிப் பழகாமல் தேர்வறைக்குள் போகக் கூடாது.

4. பதிவைத் தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

சி.எஸ். எக்ஸிக்யூட்டிவ், சி.எம்.ஏ. இன்டர் இரண்டுக்கும் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஆனால் அந்தத் தேர்வில் உட்காரத் தகுதி பெற, பல மாதம் முன்பே மாணவராகப் பதிவாகியிருக்க வேண்டும். அதன் பிறகு தேர்வு விண்ணப்பத்துக்குத் தனியாக ஒரு கடைசித் தேதி வரும். பதிவும் தேர்வு விண்ணப்பமும் ஒன்றல்ல. பதிவு செய்துவிட்டு "ஹால் டிக்கெட் வரும்" என்று காத்திருந்து ஆறு மாதத்தை இழப்பவர்கள் ஒவ்வொரு தேர்விலும் உண்டு.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. சி.எம்.ஏ.வில் வகுப்பு வழியாகவோ அஞ்சல் வழியாகவோ கோச்சிங் முடித்ததற்கான பதிவு வேண்டும். தனியார் டியூஷன் இதற்கு ஈடாகாது. சி.எஸ்.ஸில் தேர்வுக்கு முந்தைய ஆன்லைன் டெஸ்ட் ஒன்றை முடிக்க வேண்டும். அந்த டெஸ்ட் கடினமில்லை, மறந்துபோவதுதான் பிரச்சினை. இரு நிறுவனங்களின் தளங்களிலும் (icsi.edu, icmai.in) நடப்பு ஆண்டின் தேதிகளை எடுத்து, பதிவு, கோச்சிங் அல்லது டெஸ்ட், தேர்வு விண்ணப்பம் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

5. ஒரு குரூப்பா, இரண்டுமா?

சி.எம்.ஏ. இன்டரில் 8 பேப்பர், குரூப்புக்கு 4. சி.எஸ். எக்ஸிக்யூட்டிவில் 7 பேப்பர், முதல் குரூப்பில் 4, இரண்டாவதில் 3. தேர்ச்சி விதி இரண்டிலும் ஒன்றுதான்: ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம்.

இந்த இரண்டாவது பாதியில்தான் பலர் விழுகிறார்கள். நான்கு பேப்பரில் 62, 43, 46, 44 வாங்கியவர் எதிலும் ஃபெயில் இல்லை. ஆனால் மொத்தம் 195, தேவை 200. குரூப் போச்சு. ஆறுதலாக, 60 தாண்டிய பேப்பருக்கு விலக்கு கிடைக்கும்; அடுத்த முறை அதை எழுத வேண்டியதில்லை. இதிலிருந்து படிக்கும் முறையும் தெளிவாகிறது. எல்லாவற்றிலும் 45 என்று பரப்பிப் படிப்பது வீண். ஒரு பேப்பரையாவது 60-க்கு மேல் கொண்டுபோவது மொத்தத்தையும் தூக்கும், தோற்றாலும் கையில் நிற்கும்.

இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதினால் ஒரு குரூப்பின் உபரி மதிப்பெண் மற்றதன் குறைவை ஈடுகட்டும். கணக்கில் 70, 75 வாங்கக்கூடியவர், ஆனால் சட்டத்தில் 42-இல் நிற்பவர், சேர்த்தே எழுதலாம். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு இது பொருந்தாது. அரைகுறையாக எட்டு பேப்பர் எழுதுவதைவிட நான்கை ஒழுங்காக எழுதுவது ஓராண்டை மிச்சப்படுத்தும். ஒற்றைக் குரூப் என்றால் சி.எம்.ஏ.வில் முதல் குரூப்பிலிருந்தே தொடங்குங்கள். அதில் உள்ள காஸ்ட் அக்கவுண்டிங் தெரியாமல் இரண்டாவது குரூப்பின் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் ஏறாது. சி.எஸ்.ஸிலும் அப்படியே: முதல் குரூப்பின் கம்பெனிச் சட்டம் ஊறியிருந்தால்தான் இரண்டாவது குரூப்பின் பங்குச்சந்தைச் சட்டம் புரியும்.

சட்டம், வரி பேப்பர்களுக்குப் பழைய புத்தகம் இரவல் வாங்காதீர்கள். எந்தத் தேதி வரை வந்த திருத்தம் தேர்வில் கேட்கப்படும் என்பதை நிறுவனம் அறிவிக்கும். அந்தத் தேதிக்குப் பொருந்தாத புத்தகத்தில் படித்த பதில் தவறான பதில்தான்.

6. பயிற்சி: சேருவதற்கு முன் அனுமதி

சி.எஸ்.ஸுக்கு 21 மாதம், எக்ஸிக்யூட்டிவ் முழுவதும் தேறிய பிறகு. சி.எம்.ஏ.வுக்கு 15 மாதம். ஒப்பீட்டுக்கு, சி.ஏ.வில் இப்போது ஆர்ட்டிகிள்ஷிப் 2 ஆண்டு.

சி.எஸ். பயிற்சியைக் கம்பெனியிலும் செய்யலாம், பிராக்டிஸ் செய்பவரிடமும் செய்யலாம். முடிந்தால் பிராக்டிஸ் அலுவலகத்தில் தொடங்குங்கள். லிஸ்டட் கம்பெனியில் ஸ்டைபண்டு கூடுதலாக இருக்கலாம், ஆனால் ஒரே கம்பெனியின் வேலையை மட்டுமே பார்ப்பீர்கள். பிராக்டிஸ் அலுவலகத்தில் பத்து இருபது கம்பெனிகளின் படிவங்கள் உங்கள் கை வழியாகப் போகும். பங்கு ஒதுக்கீடு, டைரக்டர் மாற்றம், கடன் பதிவு எல்லாம் ஓராண்டுக்குள் வந்துவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, முதலில் சேர்ந்துவிட்டு மெதுவாகப் பதிவு செய்வது. தொடக்கப் பயிற்சி வகுப்பை முடித்து, நிறுவனத்தில் பதிவாகி, அனுமதி வந்த தேதியிலிருந்துதான் 21 மாதம் ஓடத் தொடங்கும். அதற்கு முன் உழைத்த மாதங்கள் கணக்கில் வராது. "நாங்க பார்த்துக்கிறோம்" என்று அலுவலகம் சொன்னாலும், அனுமதிக் கடிதத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

சி.எம்.ஏ.வில் ஒரு வசதி உண்டு. ஏற்கனவே நிதி, கணக்கு, காஸ்டிங் வேலையில் இருப்பவரின் பணி, தகுதியான நிறுவனமாக இருந்தால், பயிற்சியாக ஏற்கப்படும். குடும்பச் சூழலால் சம்பளத்தை விட முடியாதவர்களுக்கு மூன்றில் சி.எம்.ஏ.வே அதிகம் ஒத்துப்போவது இதனால்தான். ஆனால் உங்கள் வேலைச் சான்றிதழ் என்ன சொல்கிறது என்பது முக்கியம். "ஆபீஸ் அசிஸ்டென்ட்" என்று பதவியில் இருந்துகொண்டு கணக்கு பார்த்திருந்தால், செய்த வேலையைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

7. கடைசி நிலை

சி.எஸ். ப்ரொஃபஷனலில் 7 பேப்பர், சி.எம்.ஏ. ஃபைனலில் 8. விருப்பப் பாடத்தைப் பிற்காலத் தொழிலை மனதில் வைத்தே எடுங்கள். சி.எஸ்.ஸில் விருப்பப் பாடங்கள் புத்தகம் பார்த்து எழுதுபவை என்பதால் சுலபம் என்று நினைப்பார்கள். மூன்று மணி நேரத்தில் பக்கம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போகும். பிரிவு எண் வாரியாகச் சீட்டு ஒட்டிய புத்தகமாக இருந்தால் மட்டுமே அது உதவும்.

8. முடித்த பின் எங்கே போகலாம்

சி.எஸ். முடித்து உறுப்பினரானதும் ஏ.சி.எஸ். என்று போட்டுக்கொள்ளலாம். லிஸ்டட் கம்பெனியில் கம்ப்ளயன்ஸ் ஆபீசர் பதவிக்குத் தகுதி பெற்ற கம்பெனி செக்ரட்டரியைத்தான் வைக்க வேண்டும் என்று செபி விதியே சொல்கிறது. முழுநேர செக்ரட்டரி ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனிகளில் இருக்க முடியாது, துணை நிறுவனம் மட்டும் விலக்கு. ஆக ஒரு கம்பெனிக்கு ஓர் ஆள் என்று இடம் உறுதி. அதன் மறுபக்கம், ஒரு கம்பெனிக்குள் ஏறிப்போக அதிகப் படிகள் இல்லை. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கம்பெனிக்கு மாறுவதுதான் வழக்கமான வளர்ச்சி.

சி.எம்.ஏ.வுக்கு வேலைச் சந்தை அகலம்: காஸ்டிங், பட்ஜெட், கொள்முதல் விலை ஆய்வு, பிறகு நிதித் தலைமை வரை. பொதுத்துறை நிறுவனங்களின் நிதிப் பிரிவு அறிவிப்புகளில் பெரும்பாலும் "சி.ஏ. அல்லது சி.எம்.ஏ." என்றே கேட்பார்கள். மத்திய அரசின் இந்தியன் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் சர்வீஸ் பணிக்கும் இந்த இருவரே தகுதியானவர்கள். கம்பெனிகளின் இன்டர்னல் ஆடிட்டராகவும் சி.எம்.ஏ.வை நியமிக்கலாம். தனியார் நிறுவனங்களில் ஒரு சங்கடம் உண்டு: உற்பத்தித் துறைக்கு வெளியே, ஒரே பதவிக்கு சி.ஏ.வும் வந்தால் தேர்வாளர் பல நேரம் சி.ஏ. பக்கம் சாய்வார். தொழிற்சாலை அனுபவம் கையில் இருப்பதுதான் அதற்குச் சரியான பதில்.

சி.எஸ்., சி.எம்.ஏ. இருவருக்கும் பொதுவாக, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். 10 ஆண்டு அனுபவமும் தனித் தேர்வும் முடித்தால் திவால் தீர்வு நிபுணராகலாம். யு.ஜி.சி. 2021-இல் இந்தப் படிப்புகளை முதுநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றிருப்பதால் பி.எச்.டி., நெட் வழியும் திறந்திருக்கிறது.

9. சி.ஏ.வை விட்டு மாறுவதா, இரண்டையும் படிப்பதா?

சி.ஏ. இன்டரில் கணக்கு, காஸ்டிங், வரி பேப்பர்களில் நல்ல மதிப்பெண் வாங்கி, சட்டமும் ஆடிட்டும் உங்களைக் கவிழ்த்திருந்தால் சி.எம்.ஏ. பக்கம் வாருங்கள். படித்ததில் பெரும்பகுதி அப்படியே பயன்படும். சட்டத்தில் 60 வாங்கி அட்வான்ஸ்டு அக்கவுண்ட்ஸில் சறுக்கியிருந்தால் சி.எஸ். பக்கம் வாருங்கள். எக்ஸிக்யூட்டிவில் கணக்கு ஒரு பேப்பர்தான், வரியில் கொஞ்சம். மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்து இந்த முடிவை எடுங்கள், வெறும் "ஃபெயில்" என்ற சொல்லை வைத்து எடுக்காதீர்கள்.

ஒன்றை முடித்தவருக்கு மற்றதில் சில பேப்பர்களுக்கு விலக்கு உண்டு. அது தானாக வராது. பேப்பருக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஜூனில் எழுதத் திட்டமிடாதீர்கள். இரு நிறுவனங்களும் அதே மாதத்தில்தான் தேர்வு வைக்கின்றன, தேதிகள் மோதும். ஒன்றில் கடைசி நிலையை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் மற்றதற்குப் பதிவு செய்வது நடைமுறையில் ஒத்துவரும்.